பெரியவங்க கணக்குக்குப் பூட்டு, பிள்ளைக்குத் தனிக் கணக்கு: ஃபேமிலி பிளானில் எதை முதலில் செய்யணும்?

ஃபேமிலி பிளான் வாங்கிட்டோம், பிள்ளை பேரில் ஒரு ப்ரொஃபைலும் போட்டாச்சு, கார்ட்டூன் படமும் வெச்சாச்சு. இதோட வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மையில் காசு கட்டுவது ஒரு வேலை, வடிகட்டி போடுவது இன்னொரு வேலை. யூடியூப் குடும்பத் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டினாலும், பிள்ளை அம்மாவின் கணக்கிலேயே வீடியோ பார்த்தால் எந்த வடிகட்டியும் வேலை செய்யாது. மறுபக்கம், கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலிக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். எந்தத் திட்டமும் வாங்காமலேயே அதை இன்றைக்கே போட்டுக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காரைக்கால் மாவட்டம் திருவேட்டக்குடியில் ஒரு குடும்பம். அப்பா சிங்கப்பூரில் வேலை. அம்மா வீட்டில் இருந்தபடியே ஐ.டி. வேலை பார்க்கிறார். 9 வயதில் ஒரு பெண் குழந்தை. தாத்தா, பாட்டியும் கூடவே. வீட்டில் ஒரு ஸ்மார்ட் டி.வி., மூன்று ஆண்ட்ராய்டு போன். இது கற்பனை வீடுதான். ஆனால் காரைக்காலிலும் நாகையிலும் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு வீடு உண்டு. சிக்கல் வரும் இடங்களும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குடும்பத் தலைவர் யார்?

முதல் சிக்கல் இங்கேயே வருகிறது. பொதுவாக அப்பாதான் கார்டு போட்டு எல்லாவற்றையும் வாங்குவார். அதனால் குடும்பக் குழுவையும் சிங்கப்பூரில் இருந்து அவரே தொடங்கிவிடுவார். ஆனால் கூகுள் குடும்பக் குழுவில் இருக்கும் அனைவரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அப்பாவின் கணக்கு சிங்கப்பூருக்கு மாறியிருந்தால், இந்தியாவில் இருக்கும் பிள்ளையின் கணக்கை அந்தக் குழுவில் சேர்ப்பதில் தடங்கல் வரும். யூடியூப் குடும்பத் திட்டம் இன்னும் கறார். எல்லோரும் ஒரே வீட்டு முகவரியில் வசிக்க வேண்டும், அதை 30 நாளைக்கு ஒருமுறை கணினி வழியாகச் சரிபார்ப்போம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

எனவே இந்த வீட்டில் அம்மாதான் குடும்ப நிர்வாகியாக இருக்க வேண்டும். அவர் கணக்கின் நாடு இந்தியா. பிள்ளையும் அவரோடுதான் இருக்கிறது. நிர்வாகியுடன் சேர்த்து மொத்தம் ஆறு பேர் குழுவில் இருக்கலாம். சேர்த்துவிட்டு அப்புறம் மாற்றிக்கலாம் என்று அவசரப்பட வேண்டாம். ஒரு குழுவை விட்டு வேறொரு குழுவுக்கு மாறுவது 12 மாதத்தில் ஒருமுறைதான் முடியும். தப்பான குழுவில் சேர்ந்துவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம்.

பிரான்ஸில் உறவினர் உள்ள காரைக்கால் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. பிள்ளை தன் கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்கும் வயது நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் அது 13, பிரான்ஸில் 15. அங்கே இருக்கும் சித்தப்பா தன் வீட்டில் செய்ததை அப்படியே இங்கே செய்தால், திரையில் வேறு கேள்விகள் வரும். குழம்ப வேண்டியதில்லை.

பிறந்த வருடத்தில் பொய் சொன்னால் என்ன ஆகும்?

இரண்டாவது சிக்கல்தான் மிகப் பெரியது. பிள்ளைக்கு ஜிமெயில் தொடங்கும்போது வயது குறைவு என்று தடுக்குது, சரி 1990 என்று போடு என்று முடித்துவிடுகிறோம். அந்த நொடியே கூகுளின் பார்வையில் அந்தக் குழந்தை முப்பது வயதைத் தாண்டிய ஆள். யூடியூப், பிளே ஸ்டோர், தேடல் எல்லாமே அந்தப் பிறந்த தேதியை வைத்துத்தான் முடிவு எடுக்கின்றன. 18 வயதுக்கு மேல் மட்டும் என்று குறிக்கப்பட்ட வீடியோகூடத் தடையில்லாமல் ஓடும்.

எனவே புதிய கணக்கை அம்மாவின் போனில் உள்ள ஃபேமிலி லிங்க் வழியாக, உண்மையான பிறந்த தேதியுடன் தொடங்க வேண்டும். ஏற்கெனவே பொய்த் தேதியில் ஒரு கணக்கு இருந்தால், அதில் தேதியைத் திருத்தினால் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கும். ஒப்புதலை முடிக்காமல் விட்டால் கணக்கு முடங்கும். பள்ளிப் புகைப்படங்கள், கோப்புகள் ஏதாவது அந்தக் கணக்கில் இருந்தால் முதலில் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு தேதியில் கை வைப்பது நல்லது.

அடுத்து போன். பிள்ளையின் கணக்கை அது பயன்படுத்தும் போனில் சேர்க்க வேண்டும். அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. பாட்டியின் பழைய போனைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது பாட்டியின் கணக்கையும் அதிலேயே விட்டுவிடுகிறோம். யூடியூபில் மேலே இருக்கும் வட்டப் படத்தைத் தட்டி, பாட்டியின் கணக்குக்கு மாற ஒரு நொடி போதும். 9 வயதுப் பிள்ளைக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். பிள்ளையின் போனில் பிள்ளையின் கணக்கு மட்டும் இருக்கட்டும்.

இது சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. பிள்ளையின் போனில் குரோம் திறந்து மறைநிலைப் பக்கம், அதாவது இன்காக்னிட்டோ, திறக்கப் பாருங்கள். ஃபேமிலி லிங்க் கண்காணிப்பில் உள்ள கணக்கில் அது வராது. அது தாராளமாகத் திறந்தால், ஓடிக்கொண்டிருப்பது பிள்ளையின் கணக்கு இல்லை என்று அர்த்தம்.

யூடியூபில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஃபேமிலி லிங்க்கில் பிள்ளையின் பெயரைத் தட்டி `Controls` பக்கம் போனால் யூடியூப், பிளே ஸ்டோர், குரோம், தேடல் எனத் தனித்தனியே அமைப்புகள் இருக்கும். செயலியின் பதிப்பைப் பொறுத்து இடம் கொஞ்சம் முன்பின் மாறலாம்.

யூடியூபுக்கு இரண்டு வழி. ஒன்று, யூடியூப் கிட்ஸ் என்ற தனிச் செயலி. அதில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று அடுக்கு உண்டு. தேடலையே அணைத்துவிடலாம். இன்னும் கறாராக வேண்டுமானால் `Approved content only` என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் பார்த்து அனுமதித்த வீடியோக்கள், சேனல்கள் மட்டும் வரும்படி செய்யலாம்.

இரண்டாவது வழி, பெற்றோர் மேற்பார்வையில் வழக்கமான யூடியூப். இதிலும் மூன்று நிலை. `Explore` 9 வயதுக்கு மேல், `Explore more` 13 வயதுக்கு மேல், `Most of YouTube` என்பது 18 வயது முத்திரை உள்ளதைத் தவிர ஏறக்குறைய எல்லாம். நம் உதாரண வீட்டுப் பெண்ணுக்கு 9 வயது. யூடியூப் கிட்ஸ் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம் என்று அவள் முகம் சுளிக்கும் வயது. `Explore` அவளுக்குப் பொருந்தும். பல பெற்றோர் பெயரைப் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தட்டுகிறார்கள். அது பெயருக்குத்தான் மேற்பார்வை.

குரோமில் ஒரு அமைப்பின் பெயரைக் கவனிக்க வேண்டும்: `Try to block explicit sites`. ஆபாசத் தளங்களைத் தடுக்க ‘முயற்சி செய்’ என்றுதான் அந்தப் பொத்தானே சொல்கிறது. தடுத்துவிடுவோம் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட, அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும் அமைப்பே மேல். பள்ளித் தளம், பாடத் தளம், இரண்டு மூன்று விளையாட்டுத் தளம் என்று சேர்த்துக் கொடுத்தால் 9 வயதுக்கு அது போதும்.

தமிழில் இந்த வடிகட்டி எவ்வளவு பிடிக்கும்?

இனி வருவது எந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலும் தெளிவாகச் சொல்லப்படாத விஷயம். இசைச் செயலிகளில் சில பாடல்களின் பக்கத்தில் சின்னதாக E என்று ஒரு எழுத்து இருக்கும். எக்ஸ்பிளிசிட், அதாவது கெட்ட வார்த்தையோ பாலியல் வரிகளோ உள்ளது என்ற குறி. ஸ்பாட்டிஃபையின் குடும்பத் திட்டத்தில், தலைமைக் கணக்கு வைத்திருப்பவர் இணையத்தில் குடும்பப் பக்கத்துக்குப் போய், உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, இந்தக் குறி உள்ள பாடல்களை அவருக்கு மட்டும் அணைத்துவிடலாம். ஐபோன் வீட்டில் இருந்தால் `Screen Time` உள்ளே போய், இசைக்கு `Clean` என்று மாற்ற வேண்டும்.

கேள்வி என்னவென்றால், அந்த E-யை யார் போடுகிறார்கள்? செயலி நிறுவனம் ஒவ்வொரு பாடலையும் கேட்டுப் போடுவதில்லை. பாடலை ஏற்றும் இசை நிறுவனமோ விநியோகஸ்தரோ கொடுக்கும் தகவலைத்தான் அது காட்டுகிறது. தங்களுக்குக் கிடைக்கும் தகவலை வைத்தே குறியிடுகிறோம், எல்லாமே குறியிடப்பட்டிருக்கும் என்று உறுதி தர முடியாது என்பதே ஸ்பாட்டிஃபையின் நிலை. அமெரிக்காவில் 1985-ல் பெற்றோர் இயக்கம் ஒன்று கொடுத்த நெருக்கடியால் இசைத்தட்டு நிறுவனங்கள் எச்சரிக்கை முத்திரை போடத் தொடங்கின. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இந்த E. அதனால் ஆங்கில ராப் பாடல்களில் அது ஒழுங்காக இருக்கும். தமிழில் அந்தப் பழக்கம் வேரூன்றவே இல்லை. இரட்டை அர்த்த வரிகள் நிறைந்த குத்துப் பாட்டை எடுத்துப் பாருங்கள், E இருக்காது. குறியே இல்லாத பாட்டை வடிகட்டி எப்படிப் பிடிக்கும்?

வீடியோவிலும் இதே கதைதான். 2023 அக்டோபரில் ‘லியோ’ படத்தின் டிரெய்லர் யூடியூபில் வெளியானபோது, அதில் நாயகன் பேசிய ஒரு கெட்ட வார்த்தை பெரும் சர்ச்சையானது. எதிர்ப்புக்குப் பிறகே அந்த இடத்தில் ஒலி அணைக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் அதைக் கேட்டாயிற்று. தியேட்டரில் ஓடும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். யூடியூபில் ஏற்றும் டிரெய்லர் அந்த வழியாகப் போவதில்லை. அங்கே எது 13 வயதுக்கு, எது 18 வயதுக்கு என்பதைப் பதிவேற்றுபவர் சொல்லும் தகவலும் இயந்திரக் கணிப்பும் பயனாளர்களின் புகாரும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

ஆகவே இந்த வீட்டு அம்மா E வடிகட்டியைப் போட்டுக்கொள்ளட்டும், ஆங்கிலப் பாடல்களுக்கு அது பயன்படும். தமிழுக்கு அதை நம்ப வேண்டாம். பிள்ளைக்கென்று ஒரு பிளேலிஸ்ட் செய்து கொடுப்பதும், ஒரு பாட்டு முடிந்ததும் செயலி தானாக அடுத்ததை ஓட்டும் ஆட்டோபிளேயை அணைப்பதும்தான் தமிழ்ப் பாடல்களுக்குக் கைகொடுக்கும்.

டி.வி.யில் எந்தக் கதவைப் பூட்டுவது?

போனை ஒழுங்கு செய்துவிட்டு டி.வி.யை மறந்துவிடுவது மூன்றாவது சிக்கல். நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகளில் பிள்ளைக்கு கிட்ஸ் ப்ரொஃபைல் போடுவது எளிது. ஆனால் அது கதவு இல்லாத அறை. பிள்ளை அதிலிருந்து வெளியே வந்து, பக்கத்தில் இருக்கும் அம்மாவின் படத்தைத் தட்டினால் எல்லாம் திறந்துவிடும். பூட்ட வேண்டியது பிள்ளையின் ப்ரொஃபைலை இல்லை, பெரியவர்களின் ப்ரொஃபைல்களை.

நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் அமைப்புகளை போன் அல்லது கணினியின் பிரவுசரில் திறந்து, ஒவ்வொரு பெரியவரின் ப்ரொஃபைலுக்கும் `Profile Lock` என்பதில் நான்கு இலக்க பின் போட வேண்டும். அம்மா, அப்பாவோடு தாத்தாவுக்கும் சேர்த்துத்தான். தாத்தாவின் ப்ரொஃபைல் திறந்து கிடந்தால் மற்ற இரண்டுக்கும் போட்ட பூட்டு வீண். புதிய ப்ரொஃபைல் தொடங்கவும் பின் கேட்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை தானே ஒரு ‘பெரியவரை’ உருவாக்கிக்கொள்ளும். பின் எண்ணாகப் பிறந்த வருடம், வண்டி எண், 1234 வேண்டாம். பிள்ளைகள் முதலில் முயற்சி செய்வது அவற்றைத்தான்.

பிள்ளையின் ப்ரொஃபைலில் வயது வரம்பையும் குறிக்க வேண்டும். 9 வயதுக்கு 7+ சரியாக இருக்கும். வரம்புக்குள் வந்தும் உங்களுக்குப் பிடிக்காத தொடர் இருந்தால், அதன் பெயரைக் கொடுத்துத் தனியாகத் தடுக்கும் வசதியும் உண்டு.

டி.வி. யூடியூபுக்குத் தனிக் கவனம் வேண்டும். போனில் போட்ட மேற்பார்வை டி.வி.க்குத் தானாக வராது. டி.வி.யில் அம்மாவின் கணக்கு திறந்திருந்தால் பிள்ளை பார்ப்பதும் அம்மாவின் கணக்கில்தான். எந்தக் கணக்கும் இல்லாமல் பார்க்கும் வழியும் அதில் இருக்கிறது. எனவே டி.வி.யில் பிள்ளையின் கணக்கையும் சேர்த்துவிட்டு, டி.வி. செயலியின் அமைப்பில் `Restricted Mode` என்பதையும் போட்டு வையுங்கள். அது அந்தந்தக் கருவிக்குத் தனித்தனியாகப் போட வேண்டியது. மாமா வீட்டு டி.வி.யில் அது இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 பிப்ரவரி 25-ல் வந்த மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓ.டி.டி. தளங்கள் படங்களையும் தொடர்களையும் ஐந்து வகையாகப் பிரிக்க வேண்டும் என்கின்றன: U, U/A 7+, U/A 13+, U/A 16+, A. 13+ முதல் பெற்றோர் பூட்டு கட்டாயம். A வகைக்கு நம்பகமான வயதுச் சரிபார்ப்பு வேண்டும். நீங்கள் டி.வி.யில் பார்க்கும் அந்த வயது எண்கள் இப்படி வந்தவைதான். ஆனால் எவரோ ஒருவர் யூடியூபில் ஏற்றும் வீடியோவுக்கு இந்த வகைப்பாடு பொருந்தாது.

2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு கோடு போடுகிறது. 18 வயதுக்குக் குறைந்த எல்லோரும் அதன் பார்வையில் குழந்தைகள். அவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். செயலிகள் 13-ஐ எல்லையாக வைத்திருக்க, சட்டம் 18 என்கிறது. இந்த இடைவெளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போதைக்குப் பெற்றோர் போடும் அமைப்புதான் காவல்.

ஒரு மணி நேரம், ஒரு சோதனை

நம் திருவேட்டக்குடி வீட்டில் இந்த வேலை எல்லாம் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிந்துவிடும். முடித்த பிறகு அம்மா பிள்ளையின் கணக்கில் உட்கார்ந்து நான்கு விஷயம் பார்க்க வேண்டும். குரோமில் மறைநிலைப் பக்கம் வருகிறதா? யூடியூபில் வீடியோவின் கீழே கமென்ட்கள் தெரிகின்றனவா? டி.வி.யில் பின் இல்லாமல் தாத்தாவின் ப்ரொஃபைல் திறக்கிறதா? பெரியவர்களுக்கான ஒரு படத்தின் பெயரைத் தேடினால் வருகிறதா? நான்குக்கும் இல்லை என்று பதில் வந்தால் அமைப்பு சரி. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் ஏதோ ஒரு கருவியில் பெரியவர் கணக்கு ஓடுகிறது. முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள்.

என்ன செய்திருக்கிறோம் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லிவிடுவது நல்லது. தப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் போனை ஒளித்து வைக்காமல் அம்மாவிடம் காட்டும் பிள்ளைதான், வடிகட்டி விட்ட இடத்தை நமக்குச் சொல்லும். 13-வது பிறந்தநாள் வரும் முன் எல்லா அமைப்பையும் மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள். கணக்கின் நிலை அப்போது மாறலாம்.

பெற்றோர் இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ஓட்டை அப்படியே இருக்கும். தமிழ்ப் பாட்டுக்கு E குறி போட வேண்டியவர்கள் தமிழ் இசை நிறுவனங்கள். பாடலை ஏற்றும்போது ஒரு கட்டத்தில் டிக் செய்யும் வேலை அது. ஆங்கிலப் பாடல்களுக்கு உலகம் முழுக்க நடப்பது இங்கே நடக்காததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. படங்களுக்கு 7+, 13+, 16+ என்று பிரிக்கச் சொன்ன அரசு, பாடல்களுக்கும் ஒரு குறியைக் கேட்கலாம். குடும்பத் திட்டம் என்று பெயர் சொல்லிக் காசு வாங்கும் செயலிகளும், தமிழில் எங்கள் வடிகட்டி அரைகுறைதான் என்பதை அந்தப் பொத்தானின் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். அதுவரை, பொத்தானை அழுத்திவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாமல், பிள்ளையின் பிளேலிஸ்ட்டை நாமும் ஒருமுறை காதில் மாட்டிக் கேட்பதுதான் வழி.